கூட்டி வருமுன் இரண்டு கணக்கு

துபாயில் வேலை பார்ப்பவர் குடும்பத்தைக் கூப்பிட நினைத்ததும் போடுவது மாதக் கணக்கு: சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் எவ்வளவு? அது சரியாக வந்தாலும், ஆட்களைத் தடுமாற வைப்பது முதல் நான்கைந்து மாதங்கள்தான். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

மாதம் 11,000 திர்ஹம் வாங்குபவர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பளம் விசாவுக்குத் தடையில்லை. 4,000 திர்ஹம் இருந்தாலே போதும். நாள் பிடிப்பது காகிதங்கள். திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று ஒவ்வொரு முத்திரையாக வாங்கி, கடைசியில் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திலும் பதிவாக வேண்டும். கூடவே, உங்கள் பெயரில் ‘எஜாரி’ பதிவான வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். பெட் ஸ்பேஸில் இருப்பவரிடம் அது இருக்காது. ஆகவே ஆட்கள் வருமுன் வீடு எடுத்தாக வேண்டும்.

ஆண்டு வாடகை 60,000. நான்கு செக் என்று பேசி முடிக்கிறீர்கள். முதல் செக் 15,000. முன்பணம் ஐந்து சதவீதம் 3,000. ஏஜென்ட் கமிஷன் 3,000. மின்சாரம், தண்ணீருக்கான டெபாசிட் 2,000. ஒரு பாய்கூட வாங்கும் முன்னே 23,000 போய்விட்டது. மூவரின் விசா, எமிரேட்ஸ் ஐடி, காப்பீடு, மனைவியின் மருத்துவச் சோதனை எல்லாவற்றுக்கும் ஒரு 10,000 ஒதுக்குங்கள்.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். பிள்ளைக்கு ஆண்டுக்கு 12,000 என்றால், இருவருக்கும் முதல் பருவக் கட்டணம் 8,000. மொத்தம் 41,000. டிக்கெட், கட்டில், அடுப்பு சேர்ந்தால் 50,000-ஐ நெருங்கும்.

சிக்கல் தேதிகளில் இருக்கிறது. பிப்ரவரியில் வீடு எடுத்தால் அடுத்த செக் மே மாதம், பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு வரும். அதற்கடுத்தது ஆகஸ்டில், ஜூலை விடுமுறைக்கு நால்வரும் ஊர் போய் வரும் விலையேறிய டிக்கெட்டோடு மோதும். அதனால் வாடகைக்கான 5,000-ஐ மாதாமாதம் வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். செக் திரும்பினால் தொல்லை பெரிது.

இனி மாதக் கணக்கு. வாடகை 5,000, வாடகையில் ஐந்து சதவீதமாக மின்கட்டண பில்லோடு வரும் வீட்டு வரி 250, பள்ளி 2,000, பள்ளிப் பேருந்து 700. கையில் நிற்பது 3,050. சாப்பாடு, மின்சாரம், போன், ஊருக்கு அனுப்பும் பணம், அடுத்த ஆண்டு டிக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஊரில் வீட்டுக் கடன் தவணை ஓடுகிறதென்றால் இந்தச் சம்பளத்தில் இழுபறிதான். முதல் கணக்கின் 50,000-ஐக் கடன் வாங்காமல் எடுத்துவைக்க முடியவில்லையென்றால், அடுத்த ஏப்ரல் வரை பொறுப்பதே நல்லது.