வெட்டு தெரியாத நீள்காட்சி: ஏன்? எப்படி?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1948இல் இயக்கிய 'ரோப்' திரைப்படம் ஒரே ஓட்டமாகத் தோன்றினாலும் உண்மையில் அவ்வாறு எடுக்கப்பட்டதன்று. 35 மி.மீ. படச்சுருளின் 1,000 அடி, நொடிக்கு 24 சட்டகங்கள் என்னும் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே சில இடங்களில் கேமரா ஒரு நடிகரின் கோட்டு முதுகை நெருங்க, திரை முழுதும் இருண்டதும் சுருள் மாற்றப்பட்டு, அதே இருளிலிருந்து அடுத்த காட்சித்துண்டு தொடங்கியது. கேமரா காரணமின்றி முதுகை நாடுவதால், கூர்ந்து நோக்குவோருக்கு இந்த ஒட்டு புலப்பட்டுவிடும்.

வெட்டு என்பது பார்வையாளரின் கண்ணை வேண்டிய இடத்திற்குத் திருப்பி, இடைப்பட்ட நேரத்தை நீக்கும் உத்தி. அது இல்லாதபோது பாத்திரங்களின் காத்திருப்பு முழுவதையும் பார்வையாளரும் காத்திருந்தே கடக்க வேண்டியுள்ளது. 'ரோப்' படத்தின் ஒரு காட்சியில், பிணம் மறைக்கப்பட்ட பெட்டியின் மேலுள்ள தட்டுகளைப் பணிப்பெண் ஒவ்வொன்றாக எடுத்துச் செல்ல, பிறர் பேச்சு திரைக்கு வெளியே ஒலிக்க, கேமரா அசையாமல் நிற்கிறது. அவள் மூடியைத் திறக்க முனையும்போது பதற்றம் உச்சமடைகிறது.

எனினும் இப்படத்தின் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி வெளிப்படையான வெட்டுகளே. பதற்றத்தில் ஆழ்ந்த பார்வையாளர் பலர் அவற்றைக் கவனிப்பதில்லை.