கேன்வா டெம்ப்ளேட் விற்பவர்கள் கவனத்துக்கு

கேன்வாவில் பேக்கரிகளுக்காகப் பத்து இன்ஸ்டாகிராம் பதிவுகளை 1080 × 1350 பிக்சலில் வடிவமைத்து விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவருக்குப் படத்தை அனுப்பினால் அவரால் விலையை மாற்ற முடியாது. திருத்தும் உரிமையுள்ள இணைப்பை அனுப்பினாலோ, அவர் மாற்றுவது உங்கள் மூலக் கோப்பையே மாற்றிவிடும். ஷேர் பகுதியில் உள்ள Template link-ஐத்தான் தர வேண்டும். அதைத் திறப்பவருக்குத் தனிப் பிரதி கிடைக்கும். விற்குமுன் வேறொரு இலவசக் கணக்கில் அதைத் திறந்து பாருங்கள். கட்டணப் படம் எதையாவது பயன்படுத்தியிருந்தால், அதன்மேல் வாட்டர்மார்க் தெரியும்.

லோகோ தொகுப்பில்தான் உண்மையான சிக்கல். கேன்வா நூலகத்திலுள்ள கேக் படத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதனால் அதைக்கொண்டு செய்த லோகோவை வாங்கும் கடைக்காரர் டிரேட்மார்க் பதிய முடியாது. லோகோவை எழுத்துரு, கோடு, எளிய வடிவங்கள், நீங்களே வரைந்த சின்னம் ஆகியவற்றால் மட்டுமே உருவாக்குங்கள்.