ஆங்கிலத்தில் ‘ஒருவர்’

ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற விதிகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்கும் பணியிலுள்ள நமக்கு அடிக்கடி ஒரு வாக்கியம் எதிர்ப்படும். ‘விண்ணப்பதாரர் ஒருவர் முடிவில் நிறைவு கொள்ளாராயின், தே மேல்முறையீடு செய்யலாம்’ என்பது அதன் அமைப்பு. ‘தே’ பன்மைச் சொல் என்று பள்ளியிலே படித்தவர் உடனே ‘அவர்கள்’ என்று எழுதிவிடுவார். ஒருவர் மேல்முறையீடு செய்வதற்குப் பலர் கூடவேண்டும் போலும் என்று தமிழில் படிப்பவர் மயங்குவார். அங்கே வேண்டுவது ‘அவர்’ என்ற சொல்லே.

இது புதிய பழக்கம் என்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில நூல்களில் இவ்வழக்குக் காணப்படுகிறது. சாசர், ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின் ஆகியோர் இதனை இயல்பாக ஆண்டுள்ளனர். 18-ஆம் நூற்றாண்டில் இலக்கண ஆசிரியர்கள் இதன்மேல் குறை கண்டார்கள். லிண்ட்லி மரே 1795-இல் வெளியிட்ட இலக்கண நூல், இதனைத் திருத்தவேண்டிய பிழையாகக் காட்டிற்று. ஆண்பாற் சொல்லாகிய ‘ஹீ’ என்பதையே இரு பாலார்க்கும் வழங்கவேண்டும் என்பது அக்கால இலக்கணக்காரர் பலர் கொள்கை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1850-இல் இயற்றிய சட்டமும், ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் குறிக்கும் என்று விதித்தது. நம் நாட்டின் 1897-ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. (2023-ஆம் ஆண்டின் மின்வழித் தனிநபர்த் தரவுச் சட்டமோ பெண்பாற் சொல்லைக்கொண்டே எல்லாரையும் சுட்டுகிறது!) சட்டத்துக்கு இந்த ஏற்பாடு போதும், பேச்சு வழக்கு மட்டும் தன் பழைய வழியிலேயே சென்றது.

அதற்குக் காரணம் உண்டு. ‘எவ்ரிபடி’ என்பது எல்லாரையும் குறிப்பினும் ஒருமை வினை கொள்ளும் சொல். ‘எல்லாரும் அமர்ந்தனர், பிறகு உண்ணத் தொடங்கினர்’ என்ற கருத்தை, அச்சொல்லை முதலில் வைத்து, பின்னர் ‘ஹீ’ என்று சொல்லிப் பார்ப்போம். எல்லாரும் அமர, யாரோ ஓர் ஆண்மகன் மட்டும் உண்ணத் தொடங்கினான் என்ற பொருள் தோன்றிவிடும். இலக்கணக்காரரின் விதி இவ்விடத்தில் பொருளையே கெடுக்கிறது. ‘தே’ என்றால் இடரில்லை. இன்னார் என்று குறிக்கப்படாதவரை எண்ணும்போது நம் மனம் ஒரு குறித்த உருவத்தைக் காண்பதில்லை. யாராகவும் இருக்கக்கூடிய ஒருவரையே கொள்கிறது. யாரோ குடையை மறந்து சென்றிருந்தால், ஆணா பெண்ணா என்று அறியாமல் ‘அவனுடைய குடை’ என்பது பொருந்தாது. ‘அவனுடைய அல்லது அவளுடைய’ என்பதோ பத்திரம் எழுதுவோர் நடை. பாலைக் காட்டாத ‘தேர்’ என்ற சொல்லே ஆங்கிலேயர் வாயில் தானாக வருகிறது.

பன்மைச் சொல் எவ்வாறு ஒருவரைக் குறிக்கும் என்று தமிழர் ஐயுறவேண்டியதில்லை. ‘ஒருவர்’ என்னும் பெயர் ஆண் பெண் இருபாற்கும் உரியது என்றும், பொருளால் ஒருமையாயினும் பன்மை வினை கொள்ளும் என்றும் தொல்காப்பியர் பெயரியலில் வகுத்திருக்கிறார்; நன்னூலாரும் அதனை வழிமொழிகிறார். ‘யாரோ ஒருவர் வந்திருக்கிறார்’ என்னும்போது, அர் ஈற்றுச் சொல்லுக்கு ஆர் ஈற்று வினையைத்தான் கொடுக்கிறோம். மைசூர்க் கடைத்தெருவில் கன்னடம் பேசுவோரும் ‘யாரோ ஒப்பரு பந்தித்தாரெ’ என்றே சொல்கின்றனர். 1969-இல் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் அமைந்த அந்நகரில், இரு மொழிகளையும் அருகருகே கேட்பவர்க்கு இவ்வொப்புமை எளிதில் விளங்கும். ஒரு வேற்றுமையும் உண்டு. நம் ‘அவர்’ மதிப்பையும் சேர்த்துக் காட்டும். ‘தே’ என்பதில் மதிப்பில்லை, அறியாமை அல்லது குறிப்பிடாமை மட்டுமே உண்டு. திருடனைப் பற்றியும் ‘தே’ எனலாம்.

வினை முடிபிலும் ஒப்புமை காணலாம். ஒருவரைக் குறித்தாலும் ‘தே’ என்பதை அடுத்துப் பன்மை வினையாகிய ‘ஆர்’ என்பதே வரும், ‘இஸ்’ வாராது. ‘யூ’ என்ற சொல்லும் முன்பு பன்மையாகவே இருந்தது. ‘தௌ’ என்ற ஒருமை வழக்கொழிய அதன் இடத்தைப் பெற்றது. இன்று ஒருவரை நோக்கி ‘யூ ஆர்’ என்பதை எவரும் குறை கூறுவதில்லை.

மொழிபெயர்ப்பவர் இதனை அறிந்துகொள்ளும் வழி எளிது. ‘தே’ எந்தச் சொல்லைச் சுட்டுகிறது என்று முதலில் தேடவேண்டும். அது ‘எனிஒன்’, ‘ஸம்பொடி’, ‘ஒரு பயணி’ போன்று இன்னார் எனக் குறியாத ஒருமைச் சொல்லாயின், ‘அவர்’ என்றும் ‘தம்’ என்றும் எழுதலாம். அருகில் வேறொரு பன்மைப் பெயர் நிற்குமாயின் விழிப்பு வேண்டும். ‘பயணி ஒருவர் அதிகாரிகளிடம் முறையிட்டால், தே வண்டி எண்ணைக் குறிக்கவேண்டும்’ என்றால், குறிப்பவர் பயணியா அதிகாரிகளா? மூலத்திலேயே தெளிவில்லை. இங்கே பிரதிப்பெயரை விட்டுப் ‘பயணி’ என்றோ ‘அதிகாரிகள்’ என்றோ பெயரையே திரும்ப எழுதவேண்டும். எதுவென்று நாமே ஊகிக்காமல், மூலத்தை எழுதிய அலுவலரைக் கேட்டுத் தெளிவதே முறை.

ஆண் பெண் என்ற பகுப்பில் தம்மை அடக்க விரும்பாதார், பெயர் தெரிந்த நிலையிலும் தம்மைக் குறிக்க ‘தே’ என்பதை வேண்டுகின்றனர். அண்மைக் காலத்தில் பரவிய இவ்வழக்கை 2019-இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதியும் ஏற்றுக்கொண்டது. அங்கும் தமிழில் ‘அவர்’ என்பதே போதும்.