மாலை நேரமும் மணிக்கு மணி வரும் செய்திகளும்

பள்ளிக் குழு, குறுவள மையக் குழு, ஒன்றியக் குழு, பாட ஆசிரியர் குழு, பெற்றோர் குழு, சங்கக் குழு, என்றோ போன ஐந்து நாள் பயிற்சியில் தொடங்கிய குழு, வாசிப்பு வட்டம். இன்று எந்த ஆசிரியரின் கைபேசியைத் திறந்தாலும் இவ்வளவும் இருக்கும். இவற்றோடு மாலையில் இணையவழிக் கூட்டம், பணி நிறைவுப் பாராட்டு விழா, நூல் வெளியீடு, திருமண வரவேற்பு என்று அழைப்புகளும் வருகின்றன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்லதுதான். எல்லாம் சேரும்போது இரவு பத்து மணிக்குத்தான் மறுநாள் பாடக்குறிப்பைத் தொட முடிகிறது.

பல ஆண்டுகளாக ஒரு பாட ஆசிரியர் குழுவையும் ஒரு வாசிப்பு வட்டத்தையும் நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: தொடர்புகளை இழக்காமல் மாலை நேரத்தைக் காப்பாற்ற முடியுமா? முடியும். அதற்கு முதலில், ஒரு தொடர்பைக் காக்க உண்மையில் எவ்வளவு நேரம் தேவை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தத் தொடர்புக்கு எவ்வளவு நேரம்?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகருக்கு அருகில், தெரிந்தவர்கள் மூலம் புதிய வேலை பெற்றவர்களிடம், "தகவல் சொன்னவரை அந்தக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள்?" என்று கேட்டார். வாரம் இருமுறையாவது சந்தித்தவர் மூலம் வேலை பெற்றவர்கள் சுமார் 17 விழுக்காடுதான். எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் சுமார் 56 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் சுமார் 28 விழுக்காடு. காரணம் எளிது. தினமும் நம்மோடு இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தொலைவில் இருப்பவரிடம்தான் நமக்குத் தெரியாத செய்தி இருக்கும்.

அது வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வு. ஆனால் நம் அனுபவமும் அதே போலத்தான் இருக்கிறது. பின்னங்களைக் காகித மடிப்பில் தொடங்கும் முறையை எனக்குச் சொன்னவர் வேறு மாவட்டத்து ஆசிரியர். பயிற்சியில் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இன்று வரை ஆண்டுக்கு இரண்டு முறைதான் பேசிக்கொள்கிறோம். அந்தத் தொடர்புக்கு அவ்வளவே போதுமானதாக இருக்கிறது. குழுவில் தினமும் காலை வணக்கம் போடுவதால் அது கூடுவதும் இல்லை, போடாததால் குறைவதும் இல்லை.

நெருங்கியவர்கள் கதை வேறு. வீட்டில் நோய் வந்தால் வந்து நிற்பவர்கள், வகுப்பில் ஒரு குழந்தையால் மனம் கலங்கினால் பொறுமையாகக் கேட்பவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு நேரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நேரம் தட்டுப்படும்போது நாம் பெரும்பாலும் இந்த நான்கைந்து பேரைத்தான் தள்ளிவைக்கிறோம். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியம்தான் காரணம்.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

பாதியில் விட்ட வேலை மனத்தை விட்டு எளிதில் அகலாது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். சாம்பாரைத் தாளித்துக்கொண்டே ஒரு செய்தியைப் படித்து, 'அப்புறம் பதில் போடலாம்' என்று வைத்துவிட்டால், அதைப் படித்தாயிற்று, ஆனால் முடிக்கவில்லை. இப்படி இருபது செய்திகள் சேர்ந்தால், உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யாத மாலையிலும் தலை கனக்கும்.

இரண்டாவது காரணம், பள்ளி நம்மோடு வீட்டுக்கே வந்துவிடுவது. வேலை முடிந்த பின் வேலையைப் பற்றிய நினைப்பிலிருந்து மனம் விலகினால்தான் அன்றைய களைப்பு தீரும் என்று ஜெர்மன் உளவியலாளர் சபீனே சொன்னன்டாக் நெடுங்காலமாக ஆய்ந்து சொல்லிவருகிறார். இரவு ஒன்பதரைக்கு வரும் 'நாளைக்குள் விவரம் அனுப்பவும்' என்ற ஒரு வரி இரண்டு நிமிட வேலையாக இருக்கலாம். ஆனால் அதைப் படித்ததும் மனம் மீண்டும் பள்ளிக்குப் போய்விடுகிறது.

ஒரு வாரக் கணக்கு

நடுநிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கும் சக ஆசிரியர் ஒருவர், "எல்லாக் குழுவையும் விட்டு வெளியே வந்துடலாமான்னு இருக்கு சார்" என்றார். "அவசரப்படாதீங்க டீச்சர், முதல்ல ஒரு வாரம் எழுதிப் பாருங்க" என்றேன். நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டார்: நிகழ்வு, போக வர ஆன மொத்த நேரம், கிடைத்தது என்ன, மறுநாள் முதல் பாடவேளையில் எப்படி இருந்தேன்.

திங்கள் பாடக் குழுவின் இணையவழிக் கூட்டம், ஒன்றரை மணி நேரம். செவ்வாய் மாவட்டத் தலைநகரில் ஒரு பாராட்டு விழா. விழா ஒரு மணி நேரம்தான் நடந்தது, பேருந்துப் பயணத்தோடு மூன்றரை மணி ஆயிற்று. புதன் ஒரு மணி நேரப் பயிற்சி உரை, கேமராவை அணைத்துவிட்டுச் சமையலறையில் கேட்டது. வெள்ளி வாசிப்பு வட்டம், இரண்டு மணி. ஞாயிறு நூல் வெளியீடு, நான்கு மணி. மொத்தம் 12 மணி நேரம். வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஏறத்தாழ 70 நிமிடம் போவதைக் கைபேசி அமைப்புகளில் பார்த்துக் குறித்தார். வாரத்துக்கு எட்டு மணிக்கு மேல். இரண்டும் சேர்ந்து 20 மணி நேரம்.

அவரை யோசிக்க வைத்தவை கடைசி இரண்டு கட்டங்கள். வாசிப்பு வட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போயும் மறுநாள் காலை உற்சாகமாக இருந்திருக்கிறார். புதன் உரைக்கு ஒரு மணிதான், ஆனால் எதிரே, 'ஒன்றும் நினைவில்லை, சமையலும் கெட்டது' என்று எழுதியிருந்தார். அதாவது நேரத்தின் அளவும் களைப்பின் அளவும் ஒன்றாக இல்லை. செய்திகளிலும் அப்படித்தான். அந்த வாரம் அவர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டியிருந்தவை 11. அவற்றில் 9, பள்ளிக் குழுவிலும் பெற்றோர் குழுவிலும் வந்தவை.

இதை வைத்து மூன்று முடிவுகள் எடுத்தார். வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் நிகழ்வுகளுக்கு, அவையும் அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம். விழாக்களில், உடன் பணியாற்றியவர் என்றால் நேரில் போவது, மற்றவர்களுக்கு மறுநாள் ஐந்து நிமிடம் போனில் பேசி வாழ்த்துவது. குழுச் செய்திகளை மாலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் மட்டும் பார்ப்பது, திறந்ததை அப்போதே பதில் போட்டு முடிப்பது. ஒரு மாதம் கழித்து நிகழ்வுகள் வாரம் 6 மணி நேரம், செய்திகள் நாளுக்கு 25 நிமிடம், மொத்தம் 9 மணி நேரமாகக் குறைந்திருந்தன. போனில் வாழ்த்துப் பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர், "விழாவுல உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச முடிஞ்சிருக்காதும்மா" என்றாராம்.

கைபேசியில் மூன்று வரிசை

குழுக்களை விட்டு விலகத் தேவையில்லை, பிரித்து வைத்தால் போதும். முதல் வரிசை, பதில் சொல்ல வேண்டியவை: பள்ளிக் குழு, பெற்றோர் குழு. இவற்றுக்கு மட்டும் ஒலி இருக்கட்டும். இரண்டாம் வரிசை, அறிவிப்புக்காகப் பார்க்க வேண்டியவை: ஒன்றியம், குறுவள மையம், சங்கம். இவற்றை 'எப்போதும்' என்ற தேர்வில் மியூட் செய்து, குறித்த நேரத்தில் பார்க்கலாம். மூன்றாம் வரிசை, தேவைப்படும்போது தேடினால் போதுமானவை: பழைய பயிற்சிக் குழு, வினாத்தாள் பகிர்வுக் குழு. இவற்றை ஆர்க்கைவ் செய்துவிடலாம். அனுப்பியவை அங்கேயே இருக்கும், வேண்டும்போது தேடி எடுக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் வரிசைக் குழுவில் அவசர அறிவிப்பு வந்தால் தெரியாமல் போகலாம். அதனால் தொடங்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம், "எட்டரைக்கு மேல் குழுவைப் பார்க்க மாட்டேன், அவசரம்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன ஆசிரியர் அப்படிச் சொன்ன பின் முதல் மாதத்தில் அவருக்கு வந்த அவசர அழைப்புகள் இரண்டு.

குழுவை நடத்துபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அறிவிப்புக் குழு என்றால் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைக்கலாம். 'யார் யார் வருகிறீர்கள்?' என்று கேட்டு அறுபது 'வருகிறேன் சார்'களை வாங்குவதற்குப் பதில் வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்தலாம். எங்கள் பாடக் குழுவில் இரவு எட்டுக்கு மேல் பதிவிடுவதில்லை என்று பேசி முடிவு செய்தோம். முதல் சில நாட்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது, பிறகு பழகிவிட்டது.

மறுக்கும்போது

அழைப்புக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் "பார்க்கிறேன் சார்" என்பது. மரியாதைக்காகச் சொல்வதுதான், ஆனால் அழைத்தவர் நாற்காலி ஒன்றை எண்ணிக்கொள்கிறார், நாமும் அந்த நாள் வரை அதைச் சுமக்கிறோம். "இந்த வாரம் வர முடியாது சார். ஞாயிற்றுக்கிழமை காலையில கூப்பிடுறேன்" என்று அன்றே சொல்வது இருவருக்கும் நல்லது. சொன்னபடி ஞாயிறன்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால், வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

களைப்பும் பணிச்சோர்வும்

நல்ல தூக்கமும் ஒரு விடுமுறை நாளும் சரிசெய்துவிடுவது களைப்பு. அப்படிச் சரியாகாதது வேறு. கிறிஸ்டினா மாஸ்லக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: உள்ளம் வற்றிப்போன உணர்வு, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காத விலகல், எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம். ஆசிரியர்கள் இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளைப் பெயரால் நினைக்காமல் 'பின் பெஞ்சு', 'அந்த செட்டு' என்றே நினைக்கத் தொடங்கினால், கேள்வி கேட்கும் குழந்தை தொல்லையாகத் தெரிந்தால், அது ஓர் எச்சரிக்கை.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை, பணியிடத்தோடு சேர்ந்த நிலை என்றே குறிக்கிறது. எனவே ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைப் பார்ப்பவரின் சோர்வு, கைபேசியை ஒழுங்குபடுத்துவதால் மட்டும் தீராது. அதைத் தலைமை ஆசிரியரோடும் வட்டாரக் கல்வி அலுவலரோடும் பணிப் பங்கீடாகத்தான் பேச வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் குறைந்து, எதிலும் விருப்பம் இல்லாமல் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி. டெலி மானஸ் எண்ணான 14416-இல் எந்த நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்கள் இந்த வாரம் ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டுத் தொடங்கலாம். ஏழு நாட்கள் எழுதிய பின், எந்த இரண்டு மாலைகளை வைத்துக்கொள்வது என்பதை அந்தப் பக்கமே காட்டிவிடும்.