200 ஸ்டெப், ஒரு சுற்று: ஸ்டெப்பர் மோட்டார் லேப் ரெக்கார்டு எழுதுவது எப்படி?

ஸ்கேனரில் ஒரு போட்டோவை வைத்து பட்டனை அழுத்துகிறீர்கள். உள்ளே இருக்கும் விளக்கு மெல்ல மெல்ல, ஒரே சீராக நகர்ந்து போகிறது. சாதாரண மின்விசிறி மோட்டாரை இப்படி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி நிறுத்த முடியாது. ஸ்கேனர்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஸ்டெப்பர் மோட்டார். கம்ப்யூட்டர் ஒரு கட்டளை அனுப்பினால் ஒரு ஸ்டெப் மட்டும் திரும்பி அப்படியே நின்றுவிடும். அடுத்த கட்டளை வந்தால்தான் அடுத்த ஸ்டெப்.

பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோபிராசசர் லேபில் இந்த மோட்டாரை 8085 கிட்டுடன் இணைத்து ஓட்டுவது பல ஆண்டுகளாக இருந்து வரும் ஒரு சோதனை. உங்கள் வீட்டில் கல்லூரி மாணவர் இருந்தால் அவருடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். வலது பக்கம் நோக்கம், செய்முறை, முடிவு என எழுதியிருப்பார். கோடு போடாத இடது பக்கத்தில் பென்சிலால் சர்க்யூட் படமும் அட்டவணையும் இருக்கும். முடிவு என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான்: மோட்டார் இணைக்கப்பட்டு இரு திசைகளிலும் சுற்றப்பட்டது. என்னைக் கேட்டால் இது முடிவே அல்ல. இதை எழுத மோட்டார் பக்கமே போக வேண்டியதில்லை. எண்களோடு முடிவு எழுத, லேபில் எதை எப்படி அளக்க வேண்டும் என்று பார்ப்போம்.

நோக்கம்

ரெக்கார்டில் இப்படி எழுதலாம்: "8085 கிட்டுடன் ஸ்டெப்பர் மோட்டாரை இணைத்து ஒரு ஸ்டெப்பின் கோணத்தை அளப்பது. நின்ற நிலையிலிருந்து எந்த வேகம் வரை ஸ்டெப் தவறாமல் ஓடுகிறது எனக் காண்பது."

இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். கம்ப்யூட்டர் 200 ஸ்டெப் அனுப்பினால் மோட்டார் 200 ஸ்டெப் திரும்பியிருக்கும் என்று புரோகிராம் நம்பிக்கொள்கிறது. உண்மையில் திரும்பியதா என்று சொல்ல மோட்டாரிலிருந்து எந்த வயரும் திரும்பி வருவதில்லை. எட்டு ஸ்டெப் தவறினாலும் புரோகிராம் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க நாம் எழுதும் அட்டவணை மட்டுமே உண்டு.

தேவையானவை

8085 கிட், அதில் உள்ள 8255 என்ற போர்ட் சிப், டிரைவர் போர்டு, ஸ்டெப்பர் மோட்டார், மோட்டாருக்குத் தனி பவர் சப்ளை, ஸ்டாப் வாட்ச். மோட்டாரின் அச்சில் ஒட்ட அட்டையில் வெட்டிய ஓர் ஊசியும், அதன் பின்னால் வைக்க டிகிரி குறித்த வட்டமும் வேண்டும். ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியை வைத்தே இந்த வட்டத்தை வரைந்துகொள்ளலாம்.

டிரைவர் போர்டு எதற்கு? 8255 சிப்பின் ஒரு காலில் சில மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் கிடைக்கும். மோட்டாரின் காயிலுக்கு அதைப்போல நூறு மடங்குகூடத் தேவைப்படும். அதனால் சிப் வெறும் சைகை மட்டும் கொடுக்க, டிரைவரில் உள்ள டிரான்சிஸ்டர்கள் காயிலுக்கு மின்சாரம் தருகின்றன.

செய்முறை

மோட்டாரில் நான்கு காயில்கள். அவற்றில் இரண்டுக்கு மட்டும் எப்போதும் மின்சாரம் போகும். போர்ட்டின் கடைசி நான்கு பிட்கள் நான்கு ஸ்விட்சுகள் போல வேலை செய்கின்றன. 09 என்று அனுப்பினால் 1001, அதாவது முதல் காயிலும் நான்காவது காயிலும் ஆன். அடுத்து 05, பிறகு 06, பிறகு 0A. ஒவ்வொரு முறையும் ஒரு காயில் அணைந்து அதன் ஜோடி எரிவதைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் ரோட்டர் அந்தக் காந்த இழுப்பைப் பின்தொடர்ந்து ஒரு ஸ்டெப் திரும்புகிறது. நான்கு எண்களும் முடிந்ததும் மீண்டும் 09. இதே வரிசையைத் தலைகீழாக அனுப்பினால் எதிர்த் திசையில் சுற்றும்.

இந்த நான்கு எண்களையும் 4200 என்ற முகவரி முதல் வரிசையாக ஏற்றுங்கள். புரோகிராம் இதுதான்:

```
       MVI A,80H
       OUT 03H
       MVI C,32H
ROUND: LXI H,4200H
       MVI B,04H
NEXT:  MOV A,M
       OUT 00H
       LXI D,0500H
WAIT:  DCX D
       MOV A,D
       ORA E
       JNZ WAIT
       INX H
       DCR B
       JNZ NEXT
       DCR C
       JNZ ROUND
       HLT
```

முதல் இரண்டு வரிகள் 8255-இன் போர்ட்கள் வெளியே அனுப்புவதற்கு என்று சொல்கின்றன. 00, 03 என்ற போர்ட் எண்கள் கிட்டுக்குக் கிட் மாறும். உங்கள் கிட்டின் கையேட்டைப் பார்த்துப் போடுங்கள்.

மூன்றாவது வரியில்தான் பலர் சறுக்குவார்கள். நான்கு ஸ்டெப் கொண்ட வரிசையை 50 முறை அனுப்பினால் 200 ஸ்டெப். ஆனால் கிட்டின் கீபோர்டு ஹெக்ஸ் எண்களையே வாங்கும். நம்முடைய 50 அங்கே 32. தெரியாமல் 50 என்றே அடித்தால் கிட் அதை 80 என எடுத்துக்கொண்டு 320 ஸ்டெப் அனுப்பும். ஊசி ஒரு முழுச் சுற்றும் இன்னும் 216 டிகிரியும் போய் நிற்கும். ஊசி கோட்டைத் தாண்டி சரியாக 216 டிகிரியில் நின்றால், மோட்டாரைக் குறை சொல்லாமல் இந்த வரியைப் பாருங்கள்.

இனி WAIT பகுதி. ஒரு ஸ்டெப்புக்கும் அடுத்த ஸ்டெப்புக்கும் இடையே பிராசசரைச் சும்மா எண்ண வைக்கிறோம். கிட்டில் உள்ள கிரிஸ்டல் 6.144 மெகா ஹெர்ட்ஸ் என்றால், 8085 அதைப் பாதியாக்கி ஒரு மில்லி விநாடிக்கு 3072 துடிப்புகளில் வேலை செய்யும். WAIT சுழற்சியின் நான்கு கட்டளைகளுக்கு 6, 4, 4, 10 என மொத்தம் 24 துடிப்புகள். 3072-ஐ 24-ஆல் வகுத்தால் 128. ஆக 128 முறை சுற்றினால் ஒரு மில்லி விநாடி. 10 மில்லி விநாடிக்கு 1280, ஹெக்ஸில் 0500. இந்தக் கணக்கை ரெக்கார்டில் அவசியம் எழுதுங்கள்.

ஓட்டுவதற்கு முன் ஒரு விஷயம். பவர் கொடுத்தவுடன் ரோட்டர் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் 09 போனதும் அது முன்னாலோ பின்னாலோ துள்ளி இடம் பிடிக்கும். ஆகவே புரோகிராமை ஒரு முறை வெறுமனே ஓட்டி, ஊசி நின்ற இடத்தில் கோடு போட்டு, அதன் பிறகு அளக்கத் தொடங்குங்கள். பழைய ஃப்ளாப்பி டிரைவ் வைத்திருந்தவர்களுக்கு, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் கேட்கும் 'கர்' சத்தம் நினைவிருக்கும். தன் ஹெட் எங்கே இருக்கிறது என்று தெரியாததால், அதை முதல் டிராக்குக்கு இழுத்து வந்து அங்கிருந்து எண்ணத் தொடங்கும் சத்தம்தான் அது.

இப்போது 200 ஸ்டெப் அனுப்புங்கள். ஊசி ஒரே ஒரு சுற்று சுற்றிக் கோட்டிலேயே நின்றால், 360-ஐ 200-ஆல் வகுக்க ஒரு ஸ்டெப் 1.8 டிகிரி.

அடுத்தது வேகம். ஒரு சுற்று 2 விநாடியில் முடிந்துவிடுவதால் ஸ்டாப் வாட்சில் கை தடுமாறும். C-யில் FA போட்டால் 250 முறை, அதாவது 1000 ஸ்டெப், 5 சுற்று. பிறகு DE-யில் உள்ள எண்ணை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சுற்றுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அட்டவணை

கீழே இருப்பது ஒரு மாதிரி. மோட்டாரையும் சப்ளையையும் பொறுத்து உங்கள் எண்கள் மாறும்.

| DE எண் | ஸ்டெப் இடைவெளி (மி.வி.) | கணக்குப்படி நேரம் (வி.) | அளந்த நேரம் (வி.) | ஊசி நின்ற இடம் |
|---|---|---|---|---|
| 0A00 | 20 | 20 | 20.2 | கோட்டில் |
| 0500 | 10 | 10 | 10.1 | கோட்டில் |
| 0280 | 5 | 5 | 5.2 | கோட்டில் |
| 0140 | 2.5 | 2.5 | 2.7 | 14 டிகிரி பின்னால் |
| 00A0 | 1.25 | 1.25 | - | சுற்றவில்லை, ரீங்காரம் மட்டும் |

அளந்த நேரம் சற்று அதிகமாக இருப்பது பெரும்பாலும் நம் விரலின் தாமதம். WAIT தவிர மற்ற கட்டளைகளும் நேரம் எடுக்கின்றன, ஆனால் ஒரு ஸ்டெப்புக்கு ஏறத்தாழ 15 மைக்ரோ விநாடிதான். அதை ஸ்டாப் வாட்ச் காட்டாது.

நான்காவது வரியை நிதானமாகப் பாருங்கள். நேரம் சரியாக இருக்கிறது, புரோகிராமும் ஒழுங்காக முடிந்தது. ஊசி மட்டும் பின்தங்கிவிட்டது. 14 டிகிரி என்பது அளவில் பிழையா, ஸ்டெப் தவறியதா? இதைப் பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. நான்கு ஸ்டெப்புக்கு ஒரு முறை அதே காயில் ஜோடி திரும்ப வருகிறது அல்லவா? அதனால் ரோட்டர் பின்தங்கும்போது ஒன்று, இரண்டு ஸ்டெப்பாகப் பின்தங்கி நிற்க முடியாது. நான்கு நான்காகத்தான் நழுவி, முந்தைய அதே ஜோடியில் போய் உட்காரும். நான்கு ஸ்டெப் என்பது 7.2 டிகிரி. எனவே ஸ்டெப் தவறினால் வித்தியாசம் 7.2, 14.4, 21.6 என்றுதான் வரும். பாகைமானியில் 14 எனத் தெரிவது உண்மையில் 14.4, தவறியவை 8 ஸ்டெப். வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் என்றால் கோடு போட்டதிலோ பார்த்த கோணத்திலோ பிழை, அல்லது ஊசி தளர்ந்திருக்கிறது.

ஐந்தாவது வரியில் கட்டளைகள் அவ்வளவு வேகமாக வருவதால் ரோட்டர் கிளம்புவதற்குள் காந்த இழுப்பு அடுத்தடுத்த இடங்களுக்குப் போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. வயரை மாற்றி இணைத்தாலும் மோட்டார் இப்படித்தான் நடுங்கும். எது என்று அறிய 0A00 போட்டுப் பாருங்கள். மெதுவாக ஓட்டும்போதும் முன்னும் பின்னும் ஆடினால் வயரில் கோளாறு, ஒழுங்காகச் சுற்றினால் வேகம்தான் காரணம். மெதுவாகத் தொடங்கி இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்தால் இதே மோட்டார் இன்னும் வேகமாக ஓடும். அதற்குப் புரோகிராமை மாற்ற வேண்டும்.

முடிவு

மேலே உள்ள அட்டவணைக்கு ரெக்கார்டில் இப்படி எழுதலாம்:

"ஒரு ஸ்டெப்பின் கோணம் 1.8 டிகிரி. 09, 05, 06, 0A என்ற வரிசையில் ஒரு திசையிலும், அதைத் தலைகீழாக்கியபோது எதிர்த் திசையிலும் மோட்டார் சுற்றியது. நின்ற நிலையிலிருந்து விநாடிக்கு 200 ஸ்டெப், அதாவது நிமிடத்திற்கு 60 சுற்று வரை ஸ்டெப் தவறவில்லை. விநாடிக்கு 400 ஸ்டெப்பில் 1000-க்கு 8 ஸ்டெப் தவறின. 800-இல் மோட்டார் சுற்றவில்லை."

200-க்கும் 400-க்கும் நடுவே எல்லை எங்கே என்று இந்த அட்டவணை சொல்லாது. நேரம் இருந்தால் 0200, 01C0 என்று இன்னும் சில எண்களைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

எழுத உட்காரும் முன் மோட்டாரின் சப்ளையை அணைத்துவிடுங்கள். HLT வந்து புரோகிராம் நின்ற பிறகும் போர்ட்டில் கடைசி 0A அப்படியே இருக்கும். அசையாமல் நிற்கும் மோட்டாரின் இரண்டு காயில்களில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் மோட்டார் சூடாகிக்கொண்டே போகும்.