65,536-க்கு அப்புறம் என்ன ஆனது?

2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கொரோனா எண்ணிக்கை திடீரென எகிறியது. நோய் ஒரே நாளில் பெருகிவிடவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான தினசரிக் கணக்கில் 15,841 பேர் விடுபட்டிருந்தார்கள். அவர்களைச் சேர்த்ததால் வந்த எகிறல் அது. ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்செல் வடிவமான `.xls`-க்குள் ஏற்றியபோது, கொள்ளாத வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயிருந்தன.

`.xls` தாளில் வரிசை எண்ணுக்கு 16 பிட்தான் இடம். அதில் 65,536 வரிசைகள் அடங்கும், அதோடு சரி. 2007-இல் வந்த `.xlsx` 10,48,576 வரை தாங்கும். சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் அதற்கு இப்படி வரம்பே கிடையாது. இங்கிலாந்தில் ஒருவருக்கே பல வரிசைகள் பிடித்ததால், ஒரு தாளில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். பிறகு தரவைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து ஏற்றத் தொடங்கினார்கள்.

அந்தப் பிரிக்கும் வேலையை லினக்ஸிலோ மேக்கிலோ மூன்று வரிகளில் முடிக்கலாம்:

```
head -n 1 data.csv > head.txt
tail -n +2 data.csv | split -l 65535 - part_
for f in part_??; do cat head.txt "$f" > "$f.csv"; done
```

முதல் வரி தலைப்பைத் தனியே எடுக்கிறது, இரண்டாவது மீதியை நறுக்குகிறது, மூன்றாவது ஒவ்வொரு துண்டின் தலையிலும் தலைப்பை ஒட்டுகிறது. 65,536 என்று போடாமல் ஒன்றைக் குறைத்தது அந்தத் தலைப்புக்காகத்தான். இதை மறந்தால் நிரம்பிய ஒவ்வொரு கோப்பிலும் கடைசி வரிசை காணாமல் போகும்!

2,00,000 பதிவுகள் இருந்தால் மூன்று முழுக் கோப்புகளும், 3,395 பதிவுகளோடு நான்காவதும் கிடைக்கும். மூலக் கோப்பில் தலைப்போடு 2,00,001 வரிகள். நான்கையும் `wc -l` கொண்டு எண்ணினால் 2,00,004 வர வேண்டும். கூடுதல் மூன்றும் தலைப்புகள்.

ஆனால் கணக்கு சரியாக வந்தும் கோப்பு கெட்டிருக்கலாம். சிஎஸ்வியில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் கட்டத்தில் வரி முறியலாம்:

```
1042,"காய்ச்சல்
இருமல்",34
```

இது ஒரே பதிவு, ஆனால் இரண்டு வரி. `split` வரியைத்தான் எண்ணும். வெட்டு சரியாக இந்த இடத்தில் விழுந்தால் காய்ச்சல் ஒரு கோப்பிலும் இருமல் அடுத்ததிலும் போய்ச் சேரும். ஒவ்வொரு துண்டிலும் தலைப்புக்கு அடுத்த வரியைப் பாருங்கள். அடையாள எண் இருக்க வேண்டிய இடத்தில் `இருமல்"` என்று நின்றால் வெட்டு தப்பாக விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட தரவுக்கு `split` உதவாது. பைத்தானின் `csv` தொகுதி மேற்கோள் குறிகளைப் பார்த்துப் பதிவு பதிவாகப் படிக்கும். அதில் எண்ணி வெட்டுவதே சரி.

ஒரே ஆளின் வரிசைகள் இரண்டு கோப்புகளில் பிரிந்தால் அவரை இருமுறை எண்ணும் ஆபத்தும் உண்டு. அதனால் 65,535-ஐ நெருங்கும்போது, அது நிரம்பாவிட்டாலும், கடைசியாக அடையாள எண் மாறிய இடத்திலேயே வெட்டிவிடுவேன் நான்.