மூவண்ணக் குறியீடும் வைகை அணையின் நீர்மட்டமும்: தகவல் பலகை வடிவமைப்பு நோக்கில்

நிர்வாகத் துறைகளில் பயன்படும் டாஷ்போர்டு எனும் தகவல் பலகைகள், அளவீடுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று வண்ணங்களாகச் சுருக்கிக் காட்டுகின்றன. இச்சுருக்கத்தில் எவை மறைகின்றன என்பதை வைகை அணையின் வெள்ள எச்சரிக்கை அளவுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஆண்டிபட்டி அருகே 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் கரையோர மக்களுக்கு விடுக்கப்படுகின்றன. இவை பொதுமக்களுக்கான ஆணைகள். ஆற்றில் இறங்காதீர் என்று சொல்வதற்குத் தெளிவான வரம்பு தேவை. அவ்வகையில் இவற்றில் குறையில்லை. ஆணைக்கென வகுத்த வரம்பையே நிலைமையை அறியும் கருவியாகவும் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

66 அடிக்குக் கீழ் பச்சை, 66 முதல் 69 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என ஒரு பலகை அமைக்கப்படுவதாகக் கொள்வோம். முதல் இழப்பு உடனே தெரிகிறது: 68.5 அடி என்னும் இரண்டாம் படி மஞ்சளுக்குள் மறைந்துவிடுகிறது. 65.9 அடியும் 40 அடியும் ஒரே பச்சையாகின்றன, 65.9 அடியும் 66 அடியும் வெவ்வேறு வண்ணங்களாகின்றன. காற்றலையால் அளவுகோலில் நேரும் சிறு அசைவுகூட வண்ணத்தை மாற்றிவிடும்.

இதனினும் பெரிய இழப்பு காலம் பற்றியது. நீர்மட்டம் 66.5 அடி, அங்கிருந்து 69 அடி வரை 630 மில்லியன் கன அடி இடம் எஞ்சியுள்ளது என்று கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். வரத்து வெளியேற்றத்தைவிட விநாடிக்கு 5,000 கன அடி மிகுந்தால், மணிக்கு 18 மில்லியன் கன அடி சேரும். 35 மணி நேரத்தில் மூன்றாம் எச்சரிக்கை வந்துவிடும். மிகுதி 500 கன அடியாக இருந்தால் அதற்கு 350 மணி நேரம், அதாவது பதினான்கு நாட்களுக்கு மேல் ஆகும். வெளியேற்றமே மிகுந்திருந்தால் மட்டம் இறங்கும். மூன்று நிலைமைகளுக்கும் பலகை காட்டுவது ஒரே மஞ்சள். பொறியாளருக்கு வேண்டியது வண்ணமன்று. எஞ்சிய மணி நேரம்.

வண்ணம் மதிப்பீட்டையும் உள்ளடக்கியது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வடகிழக்குப் பருவமழையின் நடுவே 67 அடி என்பது கரையோரத்தாருக்கு அச்சம் தருவது. மழை ஓய்ந்தபின் அதே 67 அடி பாசன விவசாயிக்கும் மதுரையின் குடிநீர்த் தேவைக்கும் நற்செய்தி. யாருக்கு, எப்பருவத்தில் என்னும் சூழலை நீக்கிவிட்டு ஒரே வண்ணம் தீட்டுவது பொருந்தாது.

மாற்று வடிவமைப்பு எளிதானது. பலகையின் மேற்பகுதியில் கடந்த பத்து நாட்களின் நீர்மட்டம் ஒரு கோடாக வரையப்படும். மூன்று எச்சரிக்கை அளவுகளும் மெல்லிய கிடைக்கோடுகளாக அதன் குறுக்கே அமையும். பின்னணியில், முந்தைய ஆண்டுகளில் இதே நாட்களில் இருந்த மட்டங்களின் வீச்சு சாம்பல் நிறப் பட்டையாக நிற்கும். கீழ்ப்பகுதியில் அதே கால அளவில் வரத்தும் வெளியேற்றமும் இரு கோடுகளாக இடம்பெறும். அவற்றுக்கிடையிலான இடைவெளியே மேற்கோட்டின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் என்பது பார்த்த அளவில் புலப்படும். மதகு திறந்த நேரங்களைச் சிறு குறிப்பாக இடுதல் நன்று. இல்லையெனில் மட்டம் இறங்கியது மழை குறைந்ததாலா, நீர் திறந்ததாலா என்பது தெரியாது. மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்பும் எச்சரிக்கை அளவு, அபாய அளவு ஆகியவற்றுடன் நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சேர்த்தே தருகிறது.

போக்குக் கோட்டுக்கும் வரம்புண்டு. செங்குத்து அச்சை 60 முதல் 71 அடி வரை குறுக்கினால் சிறு ஏற்றமும் மலைபோல் தோன்றும். சுழியத்திலிருந்து தொடங்கினால் ஆபத்தான அரை அடி கண்ணுக்கே தெரியாது. ஆகவே அச்சு நிலையானதாக இருத்தல் வேண்டும். நாளுக்கு நாள் தானே மாறும் அச்சு வண்ணக் குறியீட்டைப் போலவே ஏமாற்றும். அணை மேலே விரிந்து செல்வதால், உயரத்தில் ஓரடி கொள்ளும் நீர் அடியில் ஓரடி கொள்வதைவிட மிகுதி. இதனால் எஞ்சிய நேரத்தை அடிக்கணக்கில் நீட்டிக் கணிக்காமல், கொள்ளளவு அட்டவணையின் வழியே கணிப்பதே முறை.

எதை அளப்பது என்னும் வினா இவற்றுக்கும் முந்தியது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் குறுகிய நேரத்தில் கொட்டிய மழையால் செல்லூர்ப் பகுதிக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. அங்குச் சிக்கலானது அணையின் நீர் அன்று. செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குச் செல்லும் பந்தல்குடி வாய்க்காலால் கொள்ள இயலாத உள்ளூர் மழைநீர். அணை மட்டத்தை மட்டும் காட்டும் பலகை, எவ்வளவு நேர்த்தியாக வரையப்பட்டிருப்பினும், செல்லூருக்கு அன்று பயன்பட்டிராது. அப்பகுதிக்கான பலகையில் கால்மணி நேர மழையளவும், கண்மாயின் மட்டமும், வாய்க்கால் வைகையில் சேருமிடத்து ஆற்றின் மட்டமும் ஒரே கால அச்சில் அமைய வேண்டும். ஆறு உயர்ந்திருக்கும் நாளில் வாய்க்கால் நீர் வடியாது என்பதை மூன்றாவது கோடு மட்டுமே காட்டும்.